ஆர்.டி. ஸ்டேட்மென்ட்டை எடுத்து காலாண்டு வட்டியைச் சரிபார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதம் 5,000 ரூபாய், 7 சதவீதம், ஒரு வருடம். ஆன்லைன் கால்குலேட்டர் 62,311 என்கிறது. வங்கி கொடுத்தது 62,304. அந்த ஏழு ரூபாயை வங்கி எடுத்துக்கொண்டதா?

பெரும்பாலும் இல்லை. 2024 மே 5-ல் தொடங்கி 2025 மே 5-ல் முதிர்ந்த கணக்கு என்றால் இரண்டு தொகையும் சரியாகவே இருக்கலாம். "காலாண்டுக்கு ஒருமுறை கூட்டுவட்டி" என்ற வாசகம் சில விஷயங்களைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. காலாண்டு எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படுகிறது? வட்டி மாதக்கணக்கிலா, நாள்கணக்கிலா? காலாண்டுக்கு உள்ளே கிடக்கும் பணத்துக்குத் தனிவட்டியா, கூட்டுவட்டியின் ஒரு பின்னமா? வங்கிக்கு வங்கி இதற்கான விடை மாறும். கால்குலேட்டருக்குத் தெரிந்தது ஒரே ஒரு விடைதான்.

இந்தப் பக்கம் முழுக்க இதே கணக்கை எடுத்துக்கொண்டே போகிறேன். அந்த ஏழு ரூபாய் எங்கெங்கே பிரிந்தது என்று பைசா வரை காட்ட முடியும். அதற்கு முதலில் ஸ்டேட்மென்ட் கைக்கு வர வேண்டும்.

ஸ்டேட்மென்ட் டவுன்லோடு செய்தால் மாதம் 5,000 பிடித்தது மட்டும்தான் இருக்கிறது. வட்டி எங்கேயும் இல்லையே?

நீங்கள் எடுத்தது சேமிப்புக் கணக்கின் ஸ்டேட்மென்ட். ஆர்.டி.க்குத் தனிக் கணக்கு எண் உண்டு, வட்டி வரவு அந்த எண்ணின் கீழ்தான் பதிவாகும். நெட் பேங்கிங்கில் டெபாசிட் கணக்குகள் பகுதிக்குப் போய், ஆர்.டி. எண்ணைத் தேர்ந்தெடுத்து, அதற்குரிய பரிவர்த்தனைப் பட்டியலை எடுக்க வேண்டும். மொபைல் செயலிகள் பலவற்றில் கடைசிச் சில பதிவுகளும் முதிர்வுத் தொகையும் மட்டுமே தெரியும். முழுப் பட்டியலுக்குக் கணினியில் நெட் பேங்கிங்தான் வழி.

தேதி வரம்பைக் கணக்கு தொடங்கிய நாளிலிருந்து முதிர்ந்த நாளுக்கு மறுநாள் வரை கொடுங்கள். முதிர்வன்று கடைசி வட்டி வரவும் கணக்கு மூடும் பற்றும் ஒரே நாளில் விழும், வரம்பு அதற்கு முந்தைய நாளே முடிந்தால் இரண்டுமே வராது. ஒரு வருடத்துக்கு மேல் ஒரே தடவையில் தராத தளங்களில் நிதியாண்டு நிதியாண்டாக எடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.

முதிர்ந்து பணம் சேமிப்புக் கணக்குக்குப் போன பிறகு, ஆர்.டி. எண் பட்டியலிலிருந்தே மறைந்துவிடுவதும் உண்டு. அப்போது கிளையில் எழுதிக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கும். முதிர்வுக்கு ஒரு வாரம் முன்பே ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டால் இந்த அலைச்சல் மிச்சம். கூடவே கணக்கு தொடங்கியபோது கொடுத்த வைப்பு ரசீதையும் எடுத்து வையுங்கள். ஒப்புக்கொண்ட வட்டி விகிதம் அதில்தான் இருக்கும்.

பி.டி.எஃப்.பாக வருகிறது. எக்செல்லில் ஒட்டினால் எல்லாம் ஒரே கட்டத்தில் விழுகிறது, கூட்டினால் பூஜ்யம் வருகிறது.

வங்கித் தளத்தில் எக்செல் அல்லது சி.எஸ்.வி. வடிவம் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிடைத்தால் பி.டி.எஃப். பக்கமே போக வேண்டாம். சில வங்கிகள் `.xls` என்ற பெயரில் தருவது உண்மையில் டேப் போட்டுப் பிரித்த வெறும் உரைக்கோப்பு. "கோப்பின் வடிவமும் பெயரும் பொருந்தவில்லை" என்று எக்செல் எச்சரித்தாலும் வங்கியின் தளத்திலிருந்து நீங்களே இறக்கிய கோப்பு என்றால் திறக்கலாம்.

பி.டி.எஃப். மட்டும்தான் என்றால், வரிசை குலையாமல் உரையாக மாற்ற pdftotext என்ற இலவச நிரலைக் கணினியில் நிறுவி, கட்டளைச் சாளரத்தில் இதை ஓட்டினால் போதும்:

```
pdftotext -layout -upw PASSWORD rd.pdf rd.txt
```

`PASSWORD` என்ற இடத்தில் கோப்பின் கடவுச்சொல் வரும். கோப்பு ஸ்கேன் செய்த படமாக இருந்தால் இதில் எதுவும் வராது. பன்னிரண்டு தவணையும் ஐந்து வட்டியும்தானே, கையால் தட்டிவிடுவதே வேகம்.

கூட்டல் பூஜ்யம் ஆவதற்குக் காரணம், தொகைகள் எண்ணாக இல்லாமல் எழுத்தாக உட்கார்ந்திருப்பது. `5,000.00Cr` என்று இருந்தால் எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது. ஒட்டியிருப்பதை நீக்க:

```
=VALUE(SUBSTITUTE(SUBSTITUTE(B2,",",""),"Cr",""))
```

தேதியில் இருப்பது இதைவிட மோசமான பொறி, ஏனென்றால் பிழைச் செய்தி எதுவும் வராது. 05/06/2024 என்பதை ஜூன் 5 என்று நாம் படிப்போம். கணினியின் மொழி அமைப்பு அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால் எக்செல் அதை மே 6 ஆக்கிவிடும். ஒரு தேதிக் கட்டத்தை எடுத்து `=TEXT(A2,"dd-mmm-yyyy")` போட்டுப் பாருங்கள், மாதத்தின் பெயர் எழுத்தில் வந்துவிடும். இதைச் செய்யாமல் கீழே உள்ள எந்தக் கணக்கையும் தொடங்காதீர்கள்.

வட்டி என்று மூன்று நான்கு விதமான வரிகள் இருக்கின்றன. எதைக் கூட்டுவது?

வரவாக விழுந்து, இருப்பை உயர்த்திய வட்டி வரிகளை மட்டும். வங்கிகள் மார்ச் 31-க்கு "சேர்ந்துள்ள வட்டி" என்று ஒரு தொகையைக் கணக்கிட்டு வைப்பதுண்டு. வரிக்காகச் செய்யும் கணக்கு அது, இருப்பை அது மாற்றாது. ஆகவே ஒவ்வொரு வரியிலும் இருப்புப் பத்தியைப் பாருங்கள். முந்தைய இருப்போடு தொகை சேர்ந்திருந்தால் அது உண்மையான வரவு.

பிடித்தம் என்று பற்றாக வந்தவற்றைத் தனிப் பத்தியில் வையுங்கள். வட்டியிலிருந்து கழித்து ஒரே எண்ணாக்கிவிட்டால் பிறகு எது வட்டிக் குறைவு, எது வரி, எது அபராதம் என்று பிரிக்கவே முடியாது.

சரி, எடுத்தாயிற்று. எப்படிச் சரிபார்ப்பது?

நம் கணக்கின் ஸ்டேட்மென்ட்டில் வட்டி வரவுகள் இப்படி இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்: 2024 ஜூன் 30-ல் 79.59, செப்டம்பர் 30-ல் 341.82, டிசம்பர் 31-ல் 613.46, 2025 மார்ச் 31-ல் 869.37, மே 5-ல் 399.81. மொத்தம் 2,304.05.

தேதிகளே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுகின்றன. கணக்கு மே 5-ல் தொடங்கியது, ஆனால் முதல் வரவு ஜூன் 30. ஆக இந்த வங்கி நாட்காட்டிக் காலாண்டைப் பின்பற்றுகிறது. கணக்கு தொடங்கிய நாளிலிருந்து மும்மூன்று மாதமாக எண்ணும் வங்கியாக இருந்தால் வரவுகள் ஆகஸ்ட் 5, நவம்பர் 5, பிப்ரவரி 5, மே 5 என்று விழுந்திருக்கும்.

இனி ஒரு காலாண்டை மட்டும் எடுத்து முழுமையாகப் போட்டுப் பார்க்கலாம். அக்டோபர்–டிசம்பர். அக்டோபர் 1 காலை இருப்பு 25,421.41. அது காலாண்டு முழுவதும், அதாவது 92 நாள் கிடந்தது. அக்டோபர் 5-ல் வந்த 5,000, டிசம்பர் 31 முடிய 88 நாள். நவம்பர் 5-ல் வந்தது 57 நாள். டிசம்பர் 5-ல் வந்தது 27 நாள். எக்செல்லில் A பத்தியில் தேதி, B பத்தியில் தொகை, F1 கட்டத்தில் காலாண்டு முடிந்த மறுநாள், அதாவது 2025 ஜனவரி 1. வட்டிப் பத்தியில்:

```
=B2*7%*($F$1-A2)/365
```

தொடக்க இருப்புக்கு 448.53, மூன்று தவணைகளுக்கு முறையே 84.38, 54.66, 25.89. கூட்டினால் 613.46. ஸ்டேட்மென்ட்டும் அதையே சொல்கிறது. அந்த வட்டியையும் மூன்று தவணைகளையும் இருப்போடு சேர்த்தால் 41,034.87. அடுத்த காலாண்டுக்கு அதுவே தொடக்க இருப்பு. இப்படி ஐந்து துண்டுகளும் பைசா சுத்தமாக ஒத்துப்போனால் வங்கியின் முறை உங்களுக்குப் பிடிபட்டுவிட்டது.

F1-ல் டிசம்பர் 31 போடுவதா, ஜனவரி 1 போடுவதா என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். டிசம்பர் 31 போட்டால் ஒவ்வொரு வரியிலும் ஒரு நாள் குறையும், விடை ஏழெட்டு ரூபாய் கம்மியாக வரும். வங்கி கூடுதலாகக் கொடுத்திருப்பது போலத் தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தக் கட்டத்தைத்தான். லீப் வருடத்தில் 366-ஆல் வகுக்கும் வங்கிகளும் உண்டு. பைசா இல்லாமல் முழு ரூபாயாக வட்டி வைக்கும் வங்கியில் துண்டுக்கு ஐம்பது பைசா வரை இப்படியும் அப்படியும் போகும்.

அப்படியானால் அந்த ஏழு ரூபாய்?

கால்குலேட்டரின் வட்டி 2,310.66, வங்கியின் வட்டி 2,304.05. வித்தியாசம் 6.61. இதைப் பிரித்தால் வேடிக்கையாக இருக்கும்.

கால்குலேட்டர் எல்லா மாதத்தையும் வருடத்தின் பன்னிரண்டில் ஒரு பங்காக எடுத்துக்கொள்கிறது. கூட்டுவட்டியை ஒதுக்கிவிட்டு வெறும் தனிவட்டி பார்த்தால் மாதக்கணக்கில் 2,275 வரும். அதே தனிவட்டியை உண்மையான நாள்களில் போட்டால் 2,264.93தான். பத்து ரூபாய் இங்கேயே போய்விட்டது. காரணம் பிப்ரவரி. மே மாதம் தொடங்கிய கணக்கில், 28 நாள் மட்டுமே உள்ள அந்த மாதம் வரும்போது பத்துத் தவணைகள் உள்ளே இருக்கின்றன. பத்துக்கும் இரண்டு மூன்று நாள் வட்டி குறைகிறது.

மற்ற இரண்டு விஷயங்களும் உங்கள் பக்கம் சாய்கின்றன. நாட்காட்டிக் காலாண்டாக இருப்பதால் முதல் வட்டி சீக்கிரமே அசலோடு சேர்ந்தது, அதில் சுமார் 2 ரூபாய் லாபம். காலாண்டுக்குள் தனிவட்டி போடுவதால் இன்னொரு 1.38 லாபம். பத்து போய் மூன்றரை வந்தால் மீதி ஆறரைச் சொச்சம்.

இதே ஆர்.டி.யை லீப் அல்லாத ஒரு வருடத்தின் பிப்ரவரி 5-ல் தொடங்கியிருந்தால் கதை தலைகீழ். குட்டை மாதம் முதல் தவணையை மட்டுமே தொடும், நாள்கணக்குத் தனிவட்டி 2,290.82 ஆகும், வங்கி கால்குலேட்டரை மிஞ்சிவிடும். அப்போது யாரும் புகார் சொல்வதில்லை.

வட்டி நிஜமாகவே கூட்டுவட்டியாகப் போகிறதா என்று வேகமாகத் தெரிந்துகொள்ள வழி உண்டா?

கணக்கு தொடங்கிய நாளிலிருந்து காலாண்டு எண்ணும் வங்கியில் மிக எளிது. மாதக்கணக்கில் போட்டால் நம் 5,000 ரூபாய்க்கு நான்கு வரவுகளும் 175.00, 440.56, 710.77, 985.71 என்று வரும்.

முதல் வரவைப் பாருங்கள். முதல் தவணை மூன்று மாதம், அடுத்தது இரண்டு, அதற்கடுத்தது ஒன்று. மொத்தம் ஆறு மாத வட்டி. அதாவது ஒரு தவணைக்கு அரை வருட வட்டி: 5,000-க்கு மூன்றரை சதவீதம், 175. இதை மனக்கணக்காகவே போடலாம். இதில் தவறு இருந்தால் வட்டி விகிதமே தவறாக ஏற்றப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து, வரவுகளுக்கு இடையிலான வித்தியாசம்: 265.56, 270.21, 274.94. தனிவட்டி மட்டும் போயிருந்தால், காலாண்டுக்கு 15,000 ரூபாய் கூடுவதால், வித்தியாசம் எப்போதும் 262.50 என்றே நின்றிருக்கும். இங்கே அது ஏறுகிறது. முதல் வித்தியாசத்தைக் காலாண்டு விகிதமான 0.0175-ஆல் வகுத்தால் 15,175 கிடைக்கிறது. 15,000 அசல், 175 முந்தைய வட்டி. வட்டிக்கு வட்டி விழுந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டாம்.

நாட்காட்டிக் காலாண்டில் நாள்கள் கூடிக் குறைவதால் இந்தக் குறுக்குவழி துல்லியமாக வராது, ஆனால் வித்தியாசம் ஏறுகிறதா என்று பார்க்க உதவும்.

எனக்கு இவ்வளவு பொறுமை இல்லை. ஒரே சூத்திரத்தில் பார்க்க முடியாதா?

முடியும். நம் கணக்குக்கு:

```
=FV((1+7%/4)^(1/3)-1,12,-5000,0,1)
```

62,310.66 வரும். காலாண்டு விகிதத்தின் கனமூலத்தை மாத விகிதமாக்கி, தவணை மாதத் தொடக்கத்தில் கட்டப்படுகிறது என்று கடைசி `1` சொல்கிறது. அந்த `1`-ஐ விட்டுவிட்டால் ஒரு மாத வட்டி முழுவதும் காணாமல் போகும்.

`7%/12` என்று போடாதீர்கள். அது மாதாந்திரக் கூட்டுவட்டி, 62,324.38 காட்டும். வங்கி தர ஒப்புக்கொண்டது அதை அல்ல. இன்னொரு தவறு, விளம்பரத்தில் வரும் "ஆண்டு ஈட்டம்" என்ற எண்ணை விகிதமாக எடுத்துக்கொள்வது. 7 சதவீதம் காலாண்டுக் கூட்டுவட்டியில் ஓராண்டுக்கு 7.19 சதவீத ஈட்டமாகும். கூட்டுவட்டி அதற்குள்ளேயே சேர்ந்திருக்கிறது. 7.19-ஐச் சூத்திரத்தில் போட்டால் அறுபது ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் காட்டி, இல்லாத சண்டைக்கு உங்களைக் கிளைக்கு அனுப்பிவைக்கும்.

அக்டோபர் தவணை 5-ஆம் தேதி போகவில்லை, கணக்கில் பணம் இல்லாமல் 28-ல்தான் பிடித்தார்கள். வட்டியில் எவ்வளவு குறையும்?

நாள்கணக்கு வங்கியில் 5,000 ரூபாய்க்கு ஒரு நாள் வட்டி சுமார் 96 பைசா. 23 நாளுக்கு 22.05. டிசம்பர் 31 வரவு 613.46-க்குப் பதில் 591.41 ஆகும். அதன்பின் வரும் வரவுகளிலும் சில்லறையாகக் குறையும்.

பெரிய அடி அபராதம். 5 வருடம் வரையிலான ஆர்.டி.க்குத் தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் 100 ரூபாய்க்கு ஒன்றரை ரூபாய் என்பது வங்கிகளில் வழக்கத்தில் உள்ள ஒரு விகிதம். அப்படிப் பார்த்தால் 5,000-க்கு 75 ரூபாய். சில வங்கிகள் இதை அப்போதே தனிப் பற்றாகக் காட்டாமல், முதிர்வின்போது மொத்தமாகக் கழித்துவிடும். முதிர்வுத் தொகை 75-இன் மடங்கில் குறைந்திருந்தால் தாமதமான மாதங்களை எண்ணிப் பாருங்கள்.

இதனால்தான் பணம் சேமிப்புக் கணக்கிலிருந்து போன தேதியைவிட, ஆர்.டி. கணக்கில் வரவான தேதியை நம்ப வேண்டும். ஸ்டேட்மென்ட்டில் "மதிப்புத் தேதி" என்று தனிப் பத்தி இருந்தால் வட்டிக்கு அதுவே கணக்கு.

வட்டி வந்த அன்றே ஒரு பகுதி பிடித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு என் கணக்கு ஒத்துப்போகவே இல்லை.

அது வருமான வரிப் பிடித்தமாக இருக்கும். ஆர்.டி. வட்டிக்கும் 2015 ஜூன் 1 முதல் டி.டி.எஸ். உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல், ஒரு வங்கியில் ஒரு நிதியாண்டில் வைப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிப்பார்கள், மூத்த குடிமக்களுக்கு வரம்பு 1,00,000. பான் எண் கொடுக்காதவருக்கு 20 சதவீதம். நம்முடையது போன்ற சின்ன ஆர்.டி.க்கு எப்படிப் பிடித்தார்கள் என்று குழம்ப வேண்டாம். அதே வங்கியில் பெரிய நிரந்தர வைப்பு இருந்தால், வரம்பு தாண்டியதும் வரியை இங்கிருந்தும் எடுப்பார்கள்.

ஆர்.டி. கணக்கிலிருந்தே எடுத்தால் அசல் குறைகிறது, அடுத்த காலாண்டு வட்டியும் குறைகிறது. அட்டவணையில் அந்தப் பற்றை அதன் தேதியோடு எதிர்மறைத் தொகையாக ஒரு வரி சேர்த்தால் போதும், மற்ற சூத்திரங்கள் தாமாகவே சரியாகிவிடும்.

வரிக் கணக்குக்கு இன்னொரு பயனும் இந்த அட்டவணையில் இருக்கிறது. நம் 2,304.05-இல் மார்ச் 31 வரை வந்தது 1,904.24. அது 2024-25-க்கு உரியது. மிச்சம் 399.81 அடுத்த ஆண்டுக்கு. வங்கி தரும் வட்டிச் சான்றிதழில் இருப்பதோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

என் ஸ்டேட்மென்ட்டில் காலாண்டு வரவே கிடையாது. முதிர்வன்று மொத்தமாக ஒரே வட்டி.

சில வங்கிகள் அப்படித்தான் செய்கின்றன. வட்டி உள்ளுக்குள் சேர்ந்துகொண்டிருக்கும், பதிவு கடைசியில்தான். பெரும்பாலும் மேலே கொடுத்த ஒற்றைச் சூத்திரத்தின் விடைதான் வரும், ஒரு ரூபாய் முழுமையாக்கலைத் தவிர வித்தியாசம் இருக்காது. வராவிட்டால் நாள்கணக்கு அட்டவணையை இரண்டு வகைக் காலாண்டுக்கும் போட்டுப் பாருங்கள். மூன்றில் ஒன்று பிடிபடும்.

அஞ்சலக ஆர்.டி.க்கும் இதே கணக்குத்தானா?

அது இதைவிட எளிது. பாஸ்புக்கில் தவணைகள் மட்டுமே ஏறிக்கொண்டிருக்கும், வட்டி முதிர்வில்தான். நாள்கணக்கும் கிடையாது. மாதத்தின் முதல் 15 நாளில் தொடங்கிய கணக்குக்கு ஒவ்வொரு மாதமும் 15-க்குள் கட்டலாம், 16-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ தொடங்கியதற்கு மாதத்தின் கடைசி வேலை நாள் வரை. அந்தக் கெடுவுக்குள் 2-ஆம் தேதி கட்டினாலும் 14-ஆம் தேதி கட்டினாலும் வட்டி ஒன்றே. ஆகவே 60 தவணைக்கு ஒற்றைச் சூத்திரமே நேரடியாகப் பொருந்தும்.

இங்கே வழக்கமாகத் தவறு நடப்பது விகிதத்தில். கணக்கு தொடங்கிய அன்றைய விகிதம்தான் ஐந்து வருடமும். 2022 ஜனவரியில் தொடங்கியவருக்கு 5.8 சதவீதம். 2023 அக்டோபரில் வந்த 6.7 சதவீதம் அவருக்குச் சேராது. மாதம் 1,000 ரூபாய்க்கு:

```
=FV((1+5.8%/4)^(1/3)-1,60,-1000,0,1)
```

விடை 69,696.7. அதே தொகைக்கு 6.7 சதவீதத்தில் 71,366. புது விகிதத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு 1,669 ரூபாய் குறைகிறது என்று அஞ்சலகக் கவுன்ட்டரில் நிற்பவர்கள் உண்டு.

தவணை தவறினால் 100 ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் தாமதக் கட்டணம். அது தவணையோடு வாங்கப்படும், அசலில் சேராது. பாஸ்புக் தொகைகளைக் கூட்டும்போது அதை நீக்கிவிடுங்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ முன்கூட்டிக் கட்டியிருந்தால் தள்ளுபடி கிடைத்திருக்கும், 100 ரூபாய்க் கணக்குக்கு முறையே 10, 40 ரூபாய். கையிலிருந்து குறைவாகக் கட்டியிருந்தாலும் வட்டிக்கு முழுத் தவணையாகவே எண்ணப்படும்.

பாதியில் மூடினேன். ஏற்கெனவே கொடுத்த வட்டியில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். இது சரியா?

விதிப்படி சரி. வங்கியில் முன்கூட்டி மூடினால், கணக்கு உண்மையில் ஓடிய காலத்துக்கு, அது தொடங்கிய நாளில் இருந்த விகிதத்தைத் தேடி, அதிலிருந்து அபராத விகிதத்தைக் கழித்து, முதல் நாளிலிருந்து மறுபடி கணக்கிடுவார்கள். முன்பு வரவு வைத்தது அதிகம் என்றால் மிகுதி பற்றாக வரும். சரிபார்க்க வேண்டியது அந்த விகிதத்தை மட்டும்தான். நீங்கள் மூடிய நாளின் விகிதத்தைப் போட்டிருக்கிறார்களா, தொடங்கிய நாளின் விகிதத்தையா என்று கேளுங்கள்.

எவ்வளவு வித்தியாசம் இருந்தால் கிளைக்குப் போகலாம்?

நம் அளவு கணக்கில் பத்துப் பதினைந்து ரூபாய்க்குள் என்றால் முறை வேறுபாடாகவே இருக்கும், முதலில் வீட்டிலேயே மூன்று முறையையும் போட்டுப் பாருங்கள். எந்த முறைக்கும் ஒத்துவராமல் முப்பது நாற்பது ரூபாய் உதைத்தால், தாமதத் தவணையோ அபராதமோ இல்லாத பட்சத்தில், விகிதம் தவறாக இருக்க வாய்ப்பு அதிகம். மூத்த குடிமக்களுக்கான கூடுதல் அரை சதவீதம் ஏற்றப்படாமல் போவது இப்படித்தான் தெரியவரும். நம் கணக்கில் அது வருடத்துக்கு 165 ரூபாய்க்கு மேல்.

போகும்போது "வட்டி குறைகிறது" என்று வாயால் சொன்னால் கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டி அனுப்பிவிடுவார்கள். ஒரே ஒரு காலாண்டை எடுத்து, தொடக்க இருப்பு, தவணைத் தேதிகள், நாள்கள், விகிதம், உங்கள் விடை, அவர்கள் வரவு என்று ஒரு தாளில் எழுதி, வைப்பு ரசீதின் நகலோடு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் கணக்கைத் தொடாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் `cms.rbi.org.in` தளத்தில் பதியலாம், கட்டணம் இல்லை. அங்கேயும் இணைக்க வேண்டியது அதே தாளும் முத்திரையிட்ட நகலும்தான்.